வாரண்டி, விற்பனைக்குப் பிந்தைய சர்வீஸ் கொள்கை
(மிக்ஸி, ஹேண்ட் பிளெண்டர், எலெக்ட்ரிக் கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு)

நாங்கள் இறக்குமதி செய்து, எங்கள் டீலர்கள் வழியாகவோ நேரடியாகவோ 2026 ஜனவரி 1 முதல் பில் போட்டு விற்ற சாதனங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தும். பொருளை எங்கோ ஒரு தொழிற்சாலை செய்திருக்கலாம். ஆனால் வாரண்டிக்குப் பொறுப்பு இறக்குமதி செய்த நாங்கள்தான். "கம்பெனிக்கு எழுதிப் பாருங்கள்" என்று டீலரோ சர்வீஸ் சென்டரோ உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

1. எவ்வளவு காலம்

முழுச் சாதனத்துக்கும் பில் தேதியிலிருந்து 12 மாதம். மிக்ஸி மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்கும், அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலுக்கும் மட்டும் 24 மாதம். பில் தொலைந்துவிட்டால் வாரண்டி போய்விடாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணை வைத்து, அந்தப் பொருள் எங்கள் கிடங்கிலிருந்து டீலருக்குப் போன தேதியைப் பார்ப்போம். அதனுடன் 60 நாள் கூட்டி, அதையே வாங்கிய தேதியாகக் கொள்வோம். ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை என்றால் வாரண்டியில் எடுக்க வழியில்லை. ஆகவே வாங்கிய அன்றே இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெட்டியைத் திறந்ததும்

உடைசல், கீறல், குறைந்த பாகம் ஆகியவற்றை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெட்டியின் ஆறு பக்கமும் படத்தில் தெரியட்டும்; அடி எங்கே பட்டது என்று பார்த்துத்தான் போக்குவரத்து நிறுவனத்திடம் நாங்கள் கோர முடியும். முதல் 7 நாளில் சாதனம் ஓடவே இல்லை என்றால், டெக்னீஷியன் சோதித்து உறுதி செய்ததும் ரிப்பேர் பேச்சே கிடையாது, புதியது தருவோம். அந்த மாடல் கையிருப்பில் இல்லாவிட்டால் முழுப் பணமும் 7 வேலை நாளில் திரும்ப வரும்.

3. வாரண்டியில் சேருவது, சேராதது

தயாரிப்புக் குறை எல்லாமே சேரும்: சுவிட்ச், தெர்மோஸ்டாட், சர்க்யூட் போர்டு, கூலிங் ஃபேன், வயரிங், பேரிங், இயல்பான உபயோகத்தில் விரிசல் விட்ட பிளாஸ்டிக். பாகத்துக்கும் கூலிக்கும் காசு வாங்க மாட்டோம்.

தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள் வேறு. ஜார் வாஷர், ஜாரை மோட்டாருடன் இணைக்கும் ரப்பர் கப்ளர், கார்பன் பிரஷ், பிளேடு ஆகியவற்றுக்கு 90 நாள் மட்டுமே. கப்ளர் மெத்தென்று இருப்பது வேண்டுமென்றுதான்: ஜார் இறுகி நின்றால் முதலில் அது கிழிந்து மோட்டாரைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் மூன்று மாதத்துக்குள் இரண்டு கப்ளர் போனால் கோளாறு கப்ளரில் இல்லை. ஜாரின் புஷ் இறுகியிருக்கும், அல்லது மோட்டார் ஷாஃப்ட் மையம் விலகியிருக்கும். அப்போது ஜாரையும் மோட்டாரையும் சோதித்து, அடிப்படைக் குறையை வாரண்டியில் சரிசெய்வோம்.

சர்ச்சை அதிகம் வரும் இடங்களைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம்.

மோட்டார் கருகல்: மிக்ஸியில் 5 நிமிடம் ஓட்டினால் 5 நிமிடம் ஓய்வு தர வேண்டும். அதிக சூடானால் அடியிலுள்ள ஓவர்லோடு பட்டன் தானே வெளியே தள்ளிக்கொண்டு நின்றுவிடும். அது கோளாறு அல்ல. ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். ஆர்மேச்சர், ஃபீல்டு இரண்டின் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது தொடர் சுமையின் அடையாளம், வாரண்டி இல்லை. ஒரே ஒரு சுற்று மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் அது காயில் குறை, வாரண்டி உண்டு.

கெட்டில்: உப்புநீர் படிவம் தட்டின் மேல் கெட்டியானால் சூடு நீருக்குப் போகாமல் எலிமென்ட்டிலேயே தங்கி அதை எரிக்கும். படிவத்தால் எரிந்தது சேராது. தண்ணீரில்லாமல் போட்டு எரிந்தது சேரும். ஏனென்றால் வறட்டுச் சூட்டில் தானே நிற்பது கெட்டிலின் சூட்டுக் கட்டுப்பாட்டின் வேலை, நிற்காதது எங்கள் குறை.

இண்டக்ஷன் அடுப்பு: சாதனங்கள் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கானவை. போர்டில் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தும் ஐ.ஜி.பி.டி. வெடித்து, கூடவே மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டரும் கருகியிருந்தால் மின்னழுத்தம் எகிறியதாகக் கொள்வோம், அது சேராது. வேரிஸ்டர் நன்றாக இருந்து ஐ.ஜி.பி.டி. மட்டும் போயிருந்தால் ஐயத்தின் பலன் உங்களுக்கே. ஃபேன் ஓடாமல் போய் சூட்டில் போர்டு கெட்டிருந்தால் ஃபேனும் போர்டும் சேர்ந்தே மாற்றப்படும். கரப்பான் புகுந்து போர்டு ஷார்ட் ஆவது, கண்ணாடி மேல் பாத்திரம் விழுந்து உடைவது ஆகியவை சேரா.

கடை, விடுதி, கேண்டீன் உபயோகத்துக்கு வாரண்டி 3 மாதம். வெளியாள் பிரித்த சாதனத்தில் அவர் தொட்ட பாகமும் அதனால் கெட்டதும் மட்டுமே விலக்கு. சீல் கிழிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் முழு வாரண்டியையும் மறுக்க மாட்டோம்.

4. புகார் எப்படி

வாரண்டி அட்டையில் அச்சிட்டுள்ள சர்வீஸ் எண்ணில் பதியலாம், அல்லது வாங்கிய டீலரிடம் கொடுக்கலாம். மாடல், சீரியல் எண், பில் படம், கோளாறு தெரியும்படி 20 வினாடி வீடியோ இருந்தால் போதும். மிக்ஸி என்றால் ஓடிய ஜாரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். ஜார் இல்லாமல் மோட்டாரை மட்டும் சோதித்தால் பாதிக் கோளாறு பிடிபடாது. ரிப்பேருக்குச் சாதனத்தை நாங்கள் பெற்றுக்கொள்ளும்போதே ஜாப் ஷீட் தரப்படும். கீறல், உடைசல், கூட வந்த பாகங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வாரண்டிக்குள் போக வர அனுப்பும் செலவு எங்களுடையது. பாகம் கையில் இருந்தால் 7 வேலை நாள், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமானால் 21 வேலை நாள். 21 தாண்டினால் அதே மாடலோ அதற்கு மேற்பட்டதோ மாற்றித் தருவோம். சர்வீஸில் இருந்த நாட்கள் வாரண்டியில் கூட்டப்படும். ஒரே கோளாறு மூன்றாம் முறை வந்தால் ரிப்பேர் செய்ய மாட்டோம், புதியதே.

திருப்பித் தரும் முன் ஒவ்வொரு சாதனத்துக்கும் 500 வோல்ட் டி.சி. இன்சுலேஷன் சோதனை (2 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது), எர்த் பின் உள்ளவற்றுக்கு எர்த் தொடர்ச்சிச் சோதனை, பிறகு சுமையுடன் ஓட்டம். அளவுகள் ஜாப் ஷீட்டில் எழுதப்படும். எழுதாமல் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

5. வாரண்டி முடிந்த பிறகு

சோதனைக் கட்டணம் உண்டு. ரிப்பேர் செய்துகொண்டால் அது பில்லில் கழிக்கப்படும். எஸ்டிமேட்டுக்கு உங்கள் ஒப்புதல் எழுத்தில் வராமல் ஸ்க்ரூவைக் கூடத் தொட மாட்டோம். செலவு புதிய சாதனத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மாற்றிய பாகத்துக்கு 90 நாள் வாரண்டி. வாரண்டிக்குள் மாற்றியதென்றால் 90 நாளா, மிச்சக் காலமா, எது அதிகமோ அது. மாற்றிய பழைய பாகம், காசு கொடுத்த ரிப்பேரில் உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் 3 ஆண்டுக்கு அதன் ஸ்பேர் வைத்திருப்போம். ரிப்பேர் முடிந்து சாதனம் தயாராகிவிட்டது என்று சொன்ன பின், நீங்கள் எடுத்துச் செல்ல 60 நாள் வரை காத்திருப்போம். இருமுறை எழுத்தில் நினைவூட்டிய பிறகே பொருளை அகற்றுவோம்.

6. பாதுகாப்புக் குறை

ஷாக், புகை, கைப்பிடி கழன்றுவிழுவது போன்றவற்றுக்கு வாரண்டிக் காலம் கணக்கில்லை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழையுங்கள். 2 வேலை நாளில் எங்கள் செலவில் எடுத்துக்கொள்வோம். குறை ஒரு லாட் முழுவதிலும் இருப்பதாகத் தெரிந்தால், அந்த லாட்டின் சீரியல் எண்களை டீலர் கடைகளில் ஒட்டி, பதிவிலுள்ள போன் எண்களுக்கும் தெரிவித்துத் திரும்பப் பெறுவோம்.

7. மறுப்பும் மேல்முறையீடும்

வாரண்டி மறுக்கப்பட்டால் காரணமும், அதைக் காட்டும் படமும் எழுத்தில் தரப்படும். ஒப்பவில்லை என்றால் 15 நாளில் சர்வீஸ் மேலாளரிடம் முறையிடலாம். முதலில் சோதித்த டெக்னீஷியன் அல்லாத வேறொருவர் மறுபடி பிரித்துப் பார்ப்பார். சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை எதையும் இந்தக் கொள்கை குறைக்காது. கொள்கை பின்னால் மாறினாலும், உங்கள் பில் தேதியன்று இருந்த வடிவமே உங்களுக்குச் செல்லும்.