மாற்கு 16:8-இன் கடைசிச் சொல்: சாமுவேலுக்கு ஒரு கடிதம்

நாசரேத்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள சாமுவேல்,

ஸ்தோத்திரம். நீயும் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கே நாங்கள் சுகம். மதுரையில் நீ பையன்களுக்குக் கிரேக்கம் நடத்துகிறாய் என்று உன் அப்பா சொன்னதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது ஒரே ஒரு சொல்லுக்காக எழுதுகிறேன். இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிற மாற்கு 16:8, கிரேக்கத்தில் அதன் கடைசிச் சொல், "கார்".

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பிரசங்கம் செய்தவர், மாற்கு சுவிசேஷம் எட்டாம் வசனத்தோடு முடிந்திருக்க முடியாது, கடைசி ஏடு கிழிந்துபோயிருக்க வேண்டும் என்றார். காரணம், "கார்" என்றால் "ஏனென்றால்", எந்த மொழியிலாவது ஒருவன் "ஏனென்றால்" என்று சொல்லிவிட்டு வாயை மூடுவானா என்று கேட்டார். சபையில் பலர் தலையாட்டினார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து காபிகூடக் குடிக்காமல் கிரேக்கப் புத்தகத்தை எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருக்கிறேன், மாற்கு முழுவதும் அப்படி முடித்திருக்கிறேன். கடைசி வரி இப்படி இருக்கிறது: "ஊதெனி ஊதென் எய்பன், எஃபொபூந்தோ கார்." ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பயந்திருந்தார்கள், அப்புறம் அந்த மூன்றெழுத்துச் சொல். முற்றுப்புள்ளி.

நம் பழைய மொழிபெயர்ப்பில் "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்" என்று இருக்கிறது. அறுபது வருஷமாக இதை வாசித்திருக்கிறேன், இதில் ஒரு சொல் இடம் மாறியிருக்கிறது என்று தோன்றியதே இல்லை. தமிழில் காரணம் முன்னால் வந்துவிடும், "படியினால்" என்று கட்டிவிட்டால் வினைமுற்று பின்னால் வந்தே ஆக வேண்டும், அது நம் மொழியின் நடை, மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதனால் தமிழில் கதை மௌனத்தில் முடிகிறது, கிரேக்கத்தில் பயத்தில் முடிகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அதே வசனத்தில் கொஞ்சம் முன்னால் இன்னொரு "கார்" வருகிறது, "எய்கென் கார் அவுதாஸ்", நடுக்கமும் திகிலும் அவர்களைப் பிடித்தது என்ற இடத்தில். அங்கே அது இரண்டாவது சொல். கடைசியிலும் அது இரண்டாவது சொல்தான், வாக்கியத்தில் மொத்தமே இரண்டு சொல் இருப்பதால் கடைசியாகத் தெரிகிறது. இந்தச் சொல் வாக்கியத்தின் முதலில் நிற்கவே நிற்காது என்று என் இலக்கணப் புத்தகம் சொல்கிறது. அப்படியானால் இது "ஏனென்றால்" மாதிரி இல்லையே. "ஏனென்றால்" வாயைத் திறந்துகொண்டு வருகிற சொல், பின்னால் ஏதாவது வந்தாக வேண்டும். "கார்" ஒட்டிக்கொள்கிற சொல். தொல்காப்பியர் இடைச்சொல்லைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா, பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்கும், தனக்கென்று இயல்பு இல்லை என்று. கிழிந்த ஏட்டுக்கு இதைச் சாட்சியாகக் கூப்பிடலாமா? முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ உறுதியாகச் சொல்.

சீனாய், வத்திக்கான் ஆகிய நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு இந்த வசனத்தோடு நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. ஏடு கிழிந்ததா, மாற்கு அங்கேயே நிறுத்தினாரா என்பது வேறு விவாதம். எனக்கு வேண்டியது இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பது மட்டும்.

இன்னொரு இடமும் கண்ணில் பட்டது. ஆதியாகமம் 18:15, சாராள் நான் நகைக்கவில்லை என்று மறுக்கிற இடம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் "எஃபொபேத்தே கார்" என்று முடிகிறது. பயந்தாள், "கார்". அதே வினை, அதே முடிவு! இங்கேயும் நம் வேதாகமம் "சாராள் பயந்து" என்று அதை முன்னால் கொண்டுவந்துவிட்டது. ஆக வாக்கியம் இப்படி முடியலாம். ஒரு புத்தகமே இப்படி முடியலாமா, அப்படி முடிந்த கிரேக்க நூல் ஏதாவது உண்டா?

அப்புறம் மாற்குவின் பழக்கத்தையும் பார்த்தேன். 16:4-இல் கல் தள்ளப்பட்டிருப்பதைக் கண்டார்கள் என்று சொல்லிவிட்டு, அது மிகவும் பெரிதாயிருந்தது, "கார்", என்கிறார். யார் புரட்டுவார் என்று பெண்கள் கவலைப்பட்டது அதற்கு முந்தைய வசனத்தில், காரணம் இங்கே தாமதமாக வருகிறது. நம் மொழிபெயர்ப்பில் கல்லின் அளவு முதலில் வந்துவிட்டது. 5:42-இல் சிறுபெண் எழுந்து நடந்தாள், அவள் பன்னிரண்டு வயதுள்ளவள், அங்கேயும் "கார்". வயது அவள் எழுந்ததற்குக் காரணம் ஆகுமா? நடக்கிற வயதுதான் என்று, கேட்கிறவனுக்குச் சொல்ல மறந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கிறது. கதை சொல்கிற கிழவி "...அவ பெரிய பிள்ளதானே" என்று சேர்ப்பாளே, அப்படி. அப்படியென்றால் 16:8-இலும் "பயந்தார்களே", "பயம்தானே அவர்களுக்கு" என்கிற சாயல்தான் சரியா? "ஏனென்றால்" அதற்கு ரொம்பக் கனமான சொல்லா? "ஹோதி" என்று கிரேக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறதே, காரணத்தை இறுக்கிக் கட்டுவதற்கு. மாற்கு அதை விட்டு இதை ஏன் எடுத்தார்?

ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் புறநானூறு நடத்தினேன், அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே." நீ எழுந்து, சார், மன்னே என்றால் என்ன என்று கேட்டாய். அசைநிலை, பொருள் இல்லை, எழுதிக்கொள் என்றேன், மணி அடிக்கப் போகிற அவசரம். அது தப்பு. அங்கே மன் கழிவுப் பொருளில் வருகிறது, கொடுத்தான், அந்தக் காலம் போயிற்று என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அந்த வரியில் சாவே இல்லை. மறுநாள் வகுப்பில் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுதித் திருத்துகிறேன். அதனால்தான் கேட்கிறேன், "கார்" வெறும் இணைப்பு, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று மட்டும் பதில் எழுதாதே. அப்படித்தான் என்றால் எந்த இடங்களை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று காட்டு, ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக இதையும் சொல். அந்த "கார்" எதற்குக் காரணம் சொல்கிறது, ஒருவருக்கும் சொல்லாததற்கு மட்டுமா, கல்லறையை விட்டு ஓடியதற்கும் சேர்த்தா? ஓடியதற்கு முதல் "கார்" போதும் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் நாங்கள் இருவரும் தமிழை வைத்து யோசிக்கிறோம்.

வருகிற ஞாயிறு மாலை பெண்கள் ஐக்கியத்தில் இந்தப் பகுதியை நான் எடுக்க வேண்டும். எழுத நேரம் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவுசெய்து அனுப்பு, கண்ணுக்கும் நல்லது. சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்தால் போதும்.

அன்புடன்,
உன் தமிழ் வாத்தியார்