கருத்தரங்குக் குறிப்பு: ஃபூக்கோவின் ‘ஆசிரியர் என்பது என்ன?’

மிஷேல் ஃபூக்கோ 1969இல் பாரிஸில் ஆற்றிய இவ்வுரை எழுதியவரின் வாழ்க்கையை ஆராயவில்லை. ஒரு பனுவலின் மேல் ஆசிரியர் பெயர் இருப்பதால் அந்தப் பனுவலுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கிறது. அப்பெயர் சில எழுத்துகளை ஒன்றாகத் தொகுக்கிறது, மற்றவற்றை விலக்குகிறது, அவற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நீட்சேயின் படைப்புகளைத் தொகுப்பவர் குறிப்பேட்டில் கிடக்கும் சலவைக் கணக்கையும் சேர்ப்பதா என்று அவர் கேட்குமிடம் வேடிக்கையானது. ஆயினும் படைப்புக்கு எல்லை வகுக்கும் சிக்கல் அங்கேதான் வெளிப்படுகிறது.

எழுதியவரைத் தண்டிக்கும் வழக்கம் வந்தபோதே நூல்களுக்கு ஆசிரியர்கள் வாய்த்தார்கள் என்பது அவருடைய கூர்மையான வாதம். ஐரோப்பாவில் முன்பு காப்பியங்களும் கதைகளும் பெயரின்றியே ஏற்கப்பட்டன, மருத்துவ நூலுக்கோ பெயரே சான்றாக இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இது தலைகீழானது என்கிறார்.

நம் கொங்குப் பகுதியில் உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். விடிய விடியக் கேட்பவர்கள் இயற்றியவர் யார் என்று கேட்பதில்லை. அதே கதை அச்சேறும்போது அட்டையும் நூலகப் பட்டியலும் ஒரு பெயரைக் கேட்கின்றன.

மார்க்ஸ், ஃபிராய்டு ஆகியோரைப் பிறர் எழுதுவதற்கான வெளியையே திறந்தவர்கள் என்று கூறும் பகுதியை நேரம் கருதித் தவிர்க்கிறேன். வாய்மொழி மரபை இவ்வுரை தொட்டும் தொடாமலும் கடந்துவிடுவது என் பார்வையில் ஒரு குறையே. ஆகவே, ஒவ்வொரு இரவும் கதையைச் சற்றே மாற்றிப் பாடுபவருக்கு ஆசிரியர் என்னும் இடம் உண்டா என்பதை அமர்வில் விவாதிக்கலாம்.