பிறை கிடங்குக்குத் தற்காலிக மாற்றுப்பணி

9 பிப்ரவரி 2026

திருமதி கவிதா, சரக்குக் கணக்கு அதிகாரி,
தலைமையகம், கோலாலம்பூர்.

வணக்கம். 2026 மார்ச் 2 முதல் ஆகஸ்ட் 28 வரை பிறை கிடங்கில் பணியாற்றுவீர்கள். உங்கள் முதலாளி தலைமையகமே. சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ, பணிமூப்பு எதுவும் மாறாது. வாடகைப்படி மாதம் 900 ரிங்கிட். பணி முடிந்ததும் நின்றுவிடும்.

அன்றாட வேலையும் விடுப்பும் கிடங்கு மேலாளர் பொறுப்பு. ஆண்டு மதிப்பீடும் ஒழுங்கு நடவடிக்கையும் இங்குள்ள நிதி மேலாளருடையவை. இருவர் உத்தரவும் முரண்பட்டால் (மாதக் கடைசிக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்) நீங்களே முடிவெடுக்காமல் அன்றே மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள்.

நீட்டிப்புக்கு உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், வாய்மொழி செல்லாது. முன்கூட்டியே முடிக்க எத்தரப்பும் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும். ஆகஸ்ட் 31 தேசிய தினம் என்பதால், செப்டம்பர் 1 அன்று இதே பதவியில், இதே நிலையில் திரும்புவீர்கள். இருப்புப் பதிவேட்டையும் சாவிகளையும் கையெழுத்துடன் ஒப்படைத்த பிறகே கிளம்புங்கள்.

சம்மதமானால் நகலில் கையொப்பமிட்டு பிப்ரவரி 20க்குள் அனுப்புங்கள்.

மனிதவள மேலாளர்