ஆன்லைன் ஆர்டர் தளம்: பணி வரையறைக் குறிப்பு

வணக்கம் அண்ணே,

கடையில் உட்கார்ந்து பேசியதை எல்லாம் எழுத்தில் போட்டிருக்கிறேன். 65,000 ரூபாய்க்குள் என்னென்ன வரும், எது வராது என்பது இதில் இருக்கிறது. "வராது" என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். பின்னால் மனக்கசப்பு வந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். தம்பியும் கல்லாவில் இருப்பவரும் ஒருமுறை படித்துவிட்டால் நல்லது.

தளத்தில் வருபவை

நீங்கள் கொடுத்த 62 அயிட்டங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே ஏற்றித் தருகிறேன். 80 வரை கூடினாலும் தனிக் காசு இல்லை. ஹாஃப், ஃபுல் விலை, கூடுதல் முட்டை, கூடுதல் சால்னா எல்லாம் தேர்ந்தெடுக்கும்படி இருக்கும். சாப்பாடும் பிரியாணியும் மதியம் 12 முதல் 3:30 வரை, கறி தோசையும் பரோட்டாவும் மாலை 6:30 முதல் 10:30 வரை, அயிரை மீன் குழம்பு ஞாயிறு மட்டும் என்று நேரத்துக்கேற்ப மெனு தானாக மாறும். விலை மாற்ற, அயிட்டம் சேர்க்க, நீக்க உங்களுக்கே ஒரு பக்கம் உண்டு. மொபைலிலேயே செய்துகொள்ளலாம்.

வாடிக்கையாளர் இரண்டு விதமாக வாங்கலாம்: கடைக்கு வந்து பார்சல் எடுப்பது, அல்லது உங்கள் பையன்கள் கொண்டுபோய்க் கொடுப்பது. டெலிவரி பகுதிகளாக அண்ணா நகர், கே.கே. நகர், ஷெனாய் நகர், கோரிப்பாளையம், தல்லாகுளம் ஆகிய ஐந்தையும் வைக்கிறேன். பின்கோடு வைத்துப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே பின்கோடுக்குள் பக்கத்துத் தெருவும் வரும், போய்த் திரும்பவே முக்கால் மணி நேரம் ஆகும் இடமும் வரும். அதனால் வாடிக்கையாளர் பகுதியின் பெயரைத் தேர்ந்தெடுப்பார். ஒவ்வொரு பகுதிக்கும் டெலிவரிக் கட்டணமும் குறைந்தபட்ச ஆர்டர் தொகையும் நீங்களே வைக்கலாம். வைகைக்குத் தென்கரையை முதல் கட்டத்தில் சேர்க்கவில்லை. மாலை நேரத்தில் பாலம் தாண்டிப் போய் வருவதற்குள் அடுத்த நான்கு பார்சல் ஆறிவிடும்.

பகுதியை ஒரு நாளைக்கு மட்டும் மூடிவைக்க ஒரு பொத்தான் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அன்றைக்கு அந்தப் பகுதியை அணைத்துவிட்டு மற்ற இடங்களுக்கு வியாபாரத்தை நடத்தலாம்.

பார்சல் கவுண்டரில் நடக்க வேண்டியது

இந்த வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மதியம் 1 மணி நெரிசலில் கவுண்டரில் ஆர்டர் கண்ணில் படாமல் போனால் பெயர் கெடுவது உங்கள் கடைக்கு.

கவுண்டரில் ஒரு 10 அங்குல டேப் இருக்கும். காலையில் "கடை திறந்தாச்சு" என்ற பொத்தானை யாராவது அழுத்தினால்தான் தளம் ஆர்டர் வாங்கத் தொடங்கும். இதற்குக் காரணம் உண்டு. திரையை ஒருமுறை தொடும்வரை பிரவுசர் சத்தம் எழுப்ப விடாது. அந்தத் தொடுதலையே கடை திறக்கும் பொத்தானாக வைத்துவிட்டால் மணி அடிக்காத நிலையில் ஆர்டர் உள்ளே வராது. ஆர்டர் வந்ததும் மணி அடிக்கும். "ஏற்றுக்கொள்" என்பதை அழுத்தும்வரை நிற்காது. இரண்டு நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் உங்களுக்கும் தம்பிக்கும் டெலிகிராமில் செய்தி வரும். எட்டு நிமிடம் தாண்டினால் ஆர்டர் தானாக ரத்தாகி, பணத்தைத் திருப்பும் வேலையும் தானாகத் தொடங்கும். பசியோடு இருப்பவரை அரை மணி நேரம் காக்கவைத்து இல்லை என்பதைவிட இது மேல்.

ஏற்றுக்கொண்ட ஆர்டர் 3 அங்குல பிரிண்டரில் சீட்டாக வரும். டோக்கன் எண் பெரிதாக, அயிட்டம் தமிழில், "காரம் கம்மி" போன்ற குறிப்பு தனி வரியில். பல தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்து இருக்காது. கட்டம் கட்டமாக அடிக்கும். அதனால் சீட்டைப் படமாக மாற்றி அனுப்புகிறேன். மாஸ்டர் தமிழில் படிப்பதால் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தச் சீட்டு சமையலறைக்கு மட்டும். வரி பில் இப்போது போலவே உங்கள் பில்லிங் மெஷினில் போட்டு பார்சலோடு பின் அடிக்க வேண்டும்.

"தீர்ந்துவிட்டது" பொத்தான் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் டேப்பிலேயே இருக்கும். கோலா உருண்டை முடிந்ததும் ஒரு தட்டு, அவ்வளவுதான். மறுநாள் காலை தானாகத் திரும்ப வந்துவிடும். எண்ணிக்கையும் வைக்கலாம்: ஆன்லைனுக்கு மட்டன் பிரியாணி 40 என்று வைத்தால், 40 போனதும் தானே மூடிக்கொள்ளும். நேரில் வருபவர்களுக்கான சரக்கு தனியாக நிற்கும்.

பணம்

யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங் மூன்றும் ஒரு பேமெண்ட் கேட்வே வழியாக வரும். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆரையே தளத்தில் போட்டுவிடலாமே என்று தம்பி கேட்டார். அதில் பணம் வந்ததா இல்லையா என்பது தளத்துக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பித்தான் பார்சல் கொடுக்க வேண்டியிருக்கும், ஸ்கிரீன்ஷாட்டை யாரும் உருவாக்கலாம். கேட்வே இருந்தால் அதன் சர்வர் நம் சர்வருக்கு நேரடியாக உறுதி சொல்லும். பணம் கட்டிய நொடியில் வாடிக்கையாளரின் போன் அணைந்துபோனாலும் ஆர்டர் கவுண்டருக்கு வந்துவிடும்.

இதற்கு ஒரு செலவு உண்டு. பேசியிருக்கும் கட்டண விகிதம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 500 ரூபாய் ஆர்டருக்கு 11 ரூபாய் 80 காசு. மீதி உங்கள் கரண்ட் அக்கவுண்டுக்கு ஓரிரு வேலை நாளில் வரும். கேட்வே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்கோடுதான் திறக்கப்படும். விண்ணப்பிக்கும்போது கூடவே இருந்து உதவுகிறேன். அவர்கள் கேட்கும் ரீஃபண்ட் விதி, தனியுரிமை, தொடர்பு பக்கங்களையும் எழுதித் தருகிறேன்.

ரீஃபண்ட் செய்யும் பொத்தான் உங்கள் லாகினில் மட்டும் இருக்கும், கவுண்டர் லாகினில் இருக்காது. பணம் வாடிக்கையாளருக்குத் திரும்ப 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம் என்ற வரியைத் தளத்திலேயே காட்டிவிடுவோம்.

வரி விஷயத்தில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். ஸ்விக்கி, சொமாட்டோ ஆர்டர்களுக்கு 2022 ஜனவரி 1 முதல் உணவின் ஜிஎஸ்டியை அவர்களே கட்டுகிறார்கள். சொந்தத் தளத்தில் வரும் ஆர்டர், நேரில் வரும் ஆர்டர் மாதிரியே; வரி கட்டுவது உங்கள் பொறுப்பு. தளம் உணவுக்கு 5 சதவீதம் சேர்த்துக் காட்டும். பார்சல் கட்டணம், டெலிவரிக் கட்டணம் இவற்றுக்கு எப்படி என்று ஆடிட்டர் எழுதித் தந்தால் அப்படியே வைக்கிறேன். மாதக் கடைசியில் எக்செல் அறிக்கை இறக்கி அவருக்கு அனுப்பிக்கொள்ளலாம். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் தளத்தின் அடியில் எல்லாப் பக்கத்திலும் தெரியும்.

இந்தத் தொகையில் வராதவை

கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. நீங்கள் விரும்பிக் கேட்டீர்கள், அதனால் காரணம் சொல்கிறேன். விளையாட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு போனை எடுக்காதவர்களால் வீணாவது சமைத்த சாப்பாடு. முதல் மூன்று மாதம் முன்பணத்தோடு ஓட்டுவோம். அப்புறம் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் திறக்கலாம். அது தனி வேலை.

எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தி தானாகப் போவது இல்லை. எஸ்எம்எஸ்ஸுக்குக் கடை பெயரில் டிஎல்டி பதிவு, அதாவது வணிகச் செய்தி அனுப்ப டெலிகாம் நிறுவனங்களிடம் செய்யும் பதிவு வேண்டும், இரண்டுக்குமே செய்திக்கு இவ்வளவு என்று செலவு ஓடும். இப்போதைக்கு ஆர்டர் போட்டவருக்கு ஒரு நிலைப் பக்கம் திறக்கும்; "தயாராகிறது", "கிளம்பியாச்சு" என்பது அதில் மாறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்:

- ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்
- ஸ்விக்கி, சொமாட்டோ ஆர்டர்களை இதே திரைக்குக் கொண்டுவருவது
- பில்லிங் மெஷினோடு இணைப்பது. சமையல் சரக்குக் கணக்கு
- டெலிவரி பையன் எங்கே வருகிறான் என்று வரைபடத்தில் காட்டுவது
- டேபிள் முன்பதிவு, கூப்பன், பாயிண்ட்
- விளம்பரம், ரீல்ஸ், கூகுளில் முதலிடம் என்ற வாக்குறுதி
- டேப், பிரிண்டர், பேப்பர் ரோல், கடையின் இணைய இணைப்பு

பக்கெட் பிரியாணியும் விசேஷ ஆர்டரும் தளத்தில் இல்லை. 50 பேர் சாப்பாட்டுக்கு விலையும் நேரமும் பேசித்தான் முடிவாகும். அதற்கு "போன் செய்க" பொத்தான் போதும்.

படம் எடுப்பதும் என் வேலையில் இல்லை. 25 படங்கள் நீங்கள் தர வேண்டும். வெளிச்சம் சரிசெய்து, அளவு குறைத்து ஏற்றுவது என் பொறுப்பு. நல்ல மொபைலில், பகலில், ஜன்னல் பக்கம் இலையில் வைத்து எடுத்தாலே போதும். வலையில் கிடைக்கும் வேறு கடைப் படத்தைப் போட மாட்டேன். உங்கள் சுக்கா கருப்பாக, மிளகு ஒட்டி இருக்கும்; படத்தில் சிவப்பாகப் பார்த்து வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார்.

காலம், தொகை, பிறகு

முன்பணம் வந்த மறுநாளிலிருந்து ஐந்து வாரம். மெனு, விலை, படம், கேட்வே கணக்கு ஆகியவை இரண்டாவது வாரத்துக்குள் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு; தாமதமானால் அத்தனை நாள் தள்ளிப்போகும். தொடங்கும்போது 26,000, கவுண்டரில் சோதனை ஆர்டர் ஓட்டிக் காட்டும் அன்று 26,000, தளம் திறந்து ஒரு வாரம் கழித்து 13,000. புரட்டாசியில் திறந்தால் நல்லது என்பது என் யோசனை. கூட்டம் குறைந்த மாதத்தில் பையன்கள் பழகிக்கொள்வார்கள், தீபாவளிக்குக் கை தயாராக இருக்கும்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகும். முதல் வருட டொமைனும் சர்வரும் இந்தத் தொகையில் அடங்கும். இரண்டாம் வருடம் முதல் அந்தச் செலவு உங்களுடையது. வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் கடைக்குச் சொந்தம். நான் வேறு எதற்கும் தொட மாட்டேன், தினமும் இரவு பேக்கப் ஓடும்.

திறந்த நாளிலிருந்து 60 நாள் பழுது பார்ப்பது இலவசம். மணி அடிக்கவில்லை, கணக்கு தப்பாக வருகிறது, சீட்டு பாதியில் நிற்கிறது என்றால் அது பழுது. கடை நேரத்தில் ஆர்டரே நின்றுபோனால் போன் செய்யுங்கள், உடனே பார்க்கிறேன். ஆறாவது பகுதியை நீங்களே சேர்க்கலாம். கூப்பன் வேண்டும், நிறம் மாற்ற வேண்டும் என்பவை புது வேலை, மணிக்கு 700 ரூபாய். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னாலேயே வாட்ஸ்அப்பில் எழுதுவேன். நீங்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் கை வைப்பேன்.

சம்மதம் என்றால் அச்செடுத்த இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு ஒன்றை எனக்குத் தாருங்கள். கூடவே பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், கேன்சல் செய்த காசோலை ஆகியவற்றின் நகலையும் எடுத்து வையுங்கள். கேட்வே விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டுவிடலாம்.