உங்கள் பலங்கள் யாவை? மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் பணிக்கான விண்ணப்பத்தில் எழுதிய விடை

தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

படிவத்தின் நான்காவது கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தபோது பொறுமை, நேர்மை, கடின உழைப்பு என்ற சொற்கள்தாம் முதலில் வந்தன. இவற்றை எந்த விண்ணப்பதாரரும் எழுதலாம். எழுதியது உண்மையா என்று உங்களால் சோதிக்க முடியாது. ஆகவே, ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் மருந்தாளுநராகப் பணியாற்றிய ஆறு ஆண்டுகளில் நான் செய்தவற்றுள் பதிவேட்டில் சான்று உள்ளவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் பொருளை நேரில் பார்த்துத்தான் நம்புவேன் என்பதையே என் முதல் பலமாகக் கருதுகிறேன். இன்சுலின் வைக்கும் குளிர்பதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். எங்கள் கிடங்கில் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அதன் வெப்பநிலையைக் குறித்துவந்தோம். பக்கம் பக்கமாக 4, 5, 4 என்றே எழுதியிருந்தது. மாத இருப்புக் கணக்கெடுப்புக்காக ஒருநாள் காலை ஆறரை மணிக்கே வந்து, அன்று வேறு யாரும் திறப்பதற்கு முன்பாக அந்தப் பெட்டியைத் திறந்தேன். பின்சுவரை ஒட்டியிருந்த இன்சுலின் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தபோது அதன் மூலை விறைத்திருந்தது. விரல் பட்ட இடத்தில் உறைபனி மெல்லிய பொடியாக உதிர்ந்தது. வெப்பமானியோ முன் தட்டில் 3 காட்டிக்கொண்டிருந்தது.

உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்குப் பழையபடியே தெளிவாக இருக்கக்கூடும். ஆனால் அதன் வீரியத்தை நம்ப முடியாது என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. எனவே காரணம் தெரியும்வரை காத்திருக்காமல், அங்கிருந்த 64 பெட்டிகளையும் தனியே எடுத்து ‘வழங்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டிவிட்டு, தலைமை மருந்தாளுநரின் ஒப்புதலுடன் அன்றைய தேவைக்கு வேறொரு பிரிவின் இருப்பிலிருந்து கடன் வாங்கினேன். பிறகு குளிர்பதனப் பெட்டியின் முன் தட்டில் ஒன்றும் பின்சுவர் அருகே ஒன்றுமாக இரண்டு டேட்டா லாகர்களை வைத்து இரண்டு இரவுகள் பதிவுசெய்தேன். முன்பக்கம் 2 டிகிரிக்குக் கீழே போகவில்லை. பின்பக்கமோ விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் பூஜ்யத்துக்குக் கீழே 1.2 டிகிரிவரை இறங்கியிருந்தது.

பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. கதவு அடிக்கடி திறக்கப்படும் பகல் நேரத்தை மட்டும் மனத்தில் வைத்து, 19 நாள்களுக்கு முன் நடந்த பழுதுபார்ப்பின்போது தெர்மோஸ்டாட்டைக் குளிர் மிகும் பக்கம் திருப்பியிருந்தார்கள். இரவு முழுவதும் கதவு மூடியே இருந்ததால் குளிர் கூடிக்கொண்டே போனது. காலை ஏழு மணி முதல் வார்டுகளுக்கு மருந்து எடுக்கத் தொடங்கியதும் வெப்பநிலை ஏறி, ஒன்பது மணிக்குள் நமக்குப் பிடித்தமான அந்த 4 டிகிரிக்கு வந்துவிட்டது. யாரும் பொய்யாக எழுதவில்லை. பார்த்த நேரமும் இடமும் தவறாக இருந்தன.

அந்த 19 நாள்களில் எந்தப் பெட்டி பின்வரிசையில் இருந்தது, எது முன்னால் நகர்த்தப்பட்டது என்று சொல்ல வழியில்லாததால், 64 பெட்டிகளையும் அழிக்கவும், அந்த இடைவெளியில் வார்டுகளுக்கு வழங்கியதில் மீதமிருந்ததைத் திரும்பப் பெறவும் பரிந்துரைத்தேன். பணமதிப்பைச் சொல்லி, முன்வரிசைப் பெட்டிகளையாவது வைத்துக்கொள்ளலாமே என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். லாகரின் வரைபடத்தையும், இருப்பை முன்பின்னாக மாற்றி அடுக்கிய நாள்களின் குறிப்பையும் அருகருகே வைத்து விளக்கியதும் ஒப்புக்கொண்டார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தவர்களைக் குறித்து அந்தந்த வார்டின் மருத்துவர்களுக்குத் தலைமை மருந்தாளுநர் அன்றே தகவல் அனுப்பினார். அதன் பிறகு, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளைக் காட்டும் மானியை வைத்து, முந்தைய 24 மணி நேரத்தின் இரண்டு எல்லைகளையும் தினமும் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தேன். பின்சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளியே பெட்டிகளை அடுக்க வேண்டும் என்று தட்டில் கோடு வரைந்தேன். அடுத்த 14 மாதப் பதிவில் எல்லை மீறியது ஒரே ஒருமுறை. அது மின்தடையின்போது, உடனே கவனிக்கப்பட்டது.

இரண்டாவதாக நான் சொல்ல விரும்புவது, என் தவற்றை நானே தெரிவிப்பேன் என்பது. ஹெபாரின் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 அலகு, 5000 அலகு என்று இருவேறு செறிவுகளில் வருகிறது. நாங்கள் வாங்கிய குப்பிகள் அளவிலும் மூடியின் நிறத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், சரக்கு வந்த ஒரு மாலையில், 5000 அலகுக் குப்பிகள் ஐந்தை 1000 அலகுத் தட்டில் அடுக்கிவிட்டேன். அவற்றில் ஒன்று வார்டுக்குப் போய், ஊசியில் ஏற்றுவதற்கு முன் சீட்டைப் படித்த செவிலியரின் கண்ணில் பட்டதால் நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. குப்பியைத் திருப்பிக் கொடுத்தவர் புகார் எதுவும் எழுதவில்லை. அடுக்கியது நான்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், அன்றிரவே தவறு அறிக்கைப் படிவத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையின் அடிப்படையில்தான் இரண்டு செறிவுகளும் வெவ்வேறு அலமாரிகளுக்கு மாற்றப்பட்டன. அடுக்கும்போது இன்னொருவர் சீட்டை உரக்கப் படிக்கும் வழக்கமும் அப்போது தொடங்கியதே. அந்தச் செவிலியருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலாவதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் காலாவதியாவதை முதலில் வழங்கும் முறை எல்லாக் கிடங்குகளிலும் உள்ளதே. நான் கூடுதலாகச் செய்தது, மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியலை மாதத்தின் முதல் நாளில் ஒவ்வொரு வார்டுக்கும் அனுப்பி, எங்கே பயன்படுமோ அங்கே இருப்பை மாற்றிக் கொடுத்தது மட்டும்தான். முந்தைய ஆண்டில் 112 வகை மருந்துகள் காலாவதிப் பதிவேட்டில் ஏறியிருந்தன. இம்முறையைத் தொடங்கிய ஆண்டில் 37 வகைகள். அந்த ஆண்டில் கொள்முதல் அளவும் சற்றுக் குறைக்கப்பட்டது என்பதால் இந்த வேறுபாடு முழுவதற்கும் நான் உரிமை கொண்டாட முடியாது.

வேகத்தை என் பலமாக எழுதவில்லை. கணக்கெடுப்பில் என்னுடன் பணிபுரிபவர்கள் மூன்று மணி நேரத்தில் முடிக்கும் அலமாரிக்கு எனக்கு நான்கு மணி நேரம் ஆகும். நான் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பேட்ச் எண்ணையும் பார்ப்பதே அதற்குக் காரணம். உங்கள் கிடங்கில் அதற்கு நேரம் ஒதுக்க இயலுமா என்பதை நேர்காணலில் பேச விரும்புகிறேன்.

லாகர் வரைபடத்தின் நகலையும், 14 மாத வெப்பநிலைப் பதிவின் சுருக்கத்தையும், ஹெபாரின் தொடர்பான தவறு அறிக்கையின் நகலையும், நோயாளிகளின் விவரங்களை நீக்கி, நிர்வாகத்தின் அனுமதியுடன் இணைத்துள்ளேன். இவற்றைச் சரிபார்க்க விரும்பினால் தலைமை மருந்தாளுநர் உங்களிடம் பேச இசைந்திருக்கிறார். வெப்பநிலை குறித்து என்னைவிட அவர் கடுமையானவர். என் வரைபடத்தில் அவர் திருத்திய இரண்டு இடங்களையும் சிவப்பு மையில் அப்படியே விட்டிருக்கிறேன்.