சந்தா ரத்து குறித்த உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். சந்தாவை ரத்து செய்யக் கேட்டபோது எங்கள் சாட்பாட் ஏன் நேராகப் பதில் சொல்லவில்லை, அதற்கு மறைவான கட்டளைகள் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், எங்கள் சாட்பாட்டுக்கு உங்கள் திரையில் தெரியாத முன்குறிப்பு ஒன்று உண்டு. நீங்கள் கேள்வி அனுப்பும்போதெல்லாம் அதுவும் சேர்ந்தே, பதிலை எழுதும் மொழி மாடலுக்குப் போகிறது. சந்தாவை ரத்து செய்யக் கேட்டபோது அது முதலில் தள்ளுபடியைப் பற்றிப் பேசியதற்குக் காரணம், “ரத்து கேட்பவருக்குச் சலுகையை முதலில் தெரிவி, பிற நிறுவனங்களோடு ஒப்பிடாதே” என்று அதில் நாங்கள் எழுதியிருப்பதுதான். ஒப்பிடச் சொல்லியும் அது நழுவியதும் இதனால்தான்.

மீதிப் பணம் திரும்பாது என்று சாட்பாட் சொன்னது மட்டும் சந்தா விதிகளில் உள்ளது; விதி 7-ஐப் பாருங்கள்.

குறிப்பு முழுவதையும் வெளியிட எனக்கு அனுமதியில்லை. மோசடித் தடுப்பு விவரங்களும் அதில் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைத்த பதிலைப் பாதித்தவை மேலே சொன்ன இரண்டு கட்டளைகள்தான். சலுகை வேண்டாமென்றால், ‘கணக்கு’ பக்கத்தில் ‘சந்தாவை ரத்து செய்’ என்பதை அழுத்துங்கள்.

வாடிக்கையாளர் உதவிக் குழு