ஏசி சர்வீஸ்: மூன்று பேக்கேஜ், என்ன விலை, எதில் என்ன உண்டு, எதில் இல்லை

இருப்பது மூன்று பேக்கேஜ்தான். கீழே போட்டிருக்கும் விலை ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு. ஒரு டன்னோ ஒன்றரை டன்னோ, சாதாவோ இன்வெர்ட்டரோ எல்லாவற்றுக்கும் ஒரே விலை, 18 சதவீத ஜிஎஸ்டியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு "சார், இது தனி" என்று எங்கள் ஆள் யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். இதில் தனி என்று எழுதாத எதற்கும் நீங்கள் பணம் தர வேண்டாம்.

| | ஒரு தடவை | வருஷ சர்வீஸ் | முழு ஒப்பந்தம் |
|---|---|---|---|
| விலை | ரூ.600 | ரூ.1,500 | ரூ.4,800 |
| எவ்வளவு காலம் | அன்றைய வேலை, 30 நாள் பொறுப்பு | 12 மாதம் | 12 மாதம் |
| வாட்டர் சர்வீஸ் | 1 | 2 | 3 |
| ஃபில்டர், ட்ரெய்ன் பைப் சுத்தம் | உண்டு | உண்டு | உண்டு |
| ஆம்பியர், கூலிங் செக் | உண்டு | உண்டு | உண்டு |
| ரிப்பேர் பார்க்க வரும் சார்ஜ் | ரூ.300 | இல்லை | இல்லை |
| ரிப்பேர் கூலி | தனி | பாதி | அடக்கம் |
| கெப்பாசிட்டர், சென்சார், ஃபேன் மோட்டார் | தனி | தனி, 10% குறைத்து | அடக்கம் |
| கேஸ் | தனி | தனி | ஒரு முறை அடக்கம் |
| பிசிபி போர்டு | தனி | தனி | பாதி விலை |
| கம்ப்ரசர், காயில் மாற்றுவது | தனி | தனி | தனி |
| ஏப்ரல், மே மாதங்களில் வருவது | வரிசைப்படி | 48 மணி நேரத்துக்குள் | 24 மணி நேரத்துக்குள் |
| ஏசியின் வயது | எதுவானாலும் | எதுவானாலும் | 7 வருஷத்துக்குள் |

விண்டோ ஏசிக்கு ஒரு தடவை சர்வீஸ் ரூ.500, கடைகளில் சீலிங்கில் மாட்டியிருக்கும் கேசட் ஏசிக்கு ரூ.1,100. இவற்றுக்கு வருஷக் கணக்கு வேண்டுமானால் ஏசியைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல முடியும்.

எது யாருக்கு

படுக்கையறையில் ஒரே ஒரு ஏசி, ராத்திரி மட்டும் போடுகிறீர்கள், அதுவும் மார்ச் முதல் ஜூன் வரைதான் என்றால் முதல் பேக்கேஜ் போதும், வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை கழுவிவிட்டால் அந்த சீசன் ஓடிவிடும். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் பாதி வீடுகள் இந்தக் கணக்குதான், அவர்களிடம் போய் முழு ஒப்பந்தம் போடுங்கள் என்று நாங்கள் சொல்வதில்லை.

வருஷ சர்வீஸ் என்பது வேறு ஒன்றும் இல்லை, இரண்டு தடவை கழுவினால் 1,200 ஆகும், மேலே தரும் 300 ரூபாய்க்கு வருஷம் முழுக்க எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்து பார்ப்பதற்குக் காசு கிடையாது. ரோட்டோரத்து வீடு, பகலிலும் ஏசி ஓடும் வீடு, குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீடு என்றால் இதை எடுங்கள். மே மாதத்தில் 48 மணி நேரம் என்பதும் இதில்தான் தொடங்குகிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது ஊரில் எல்லாரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள், அப்போது ஒரு தடவை பேக்கேஜ்காரர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முழு ஒப்பந்தம் மூன்று முதல் ஏழு வருஷம் ஆன, தினமும் எட்டு பத்து மணி நேரம் ஓடும் ஏசிக்கு. கிளினிக், லேப், டியூஷன் சென்டர், சின்ன ஆபீஸ் இப்படி. கம்பெனி வாரண்டியில் இருக்கும் புது ஏசிக்கு இதைப் போடாதீர்கள், ஏற்கெனவே உங்களிடம் இருப்பதற்கே இன்னொரு தடவை பணம் கட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்த ஏசியை வெளி ஆளை வைத்துத் திறந்தால் வாரண்டிக்கு ஏதும் பாதிப்பு வருமா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொண்ட பிறகே எங்களைக் கூப்பிடுங்கள். ஏழு வருஷம் தாண்டிய ஏசியை இதில் ஏன் எடுப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு: காயிலில் ஓட்டை விழுந்தால் ஒட்டுவோம், அடுத்த மாதம் வேறு இடத்தில் விழும், 4,800 ரூபாயில் எங்களுக்கு அது கட்டாது. அவ்வளவுதான் காரணம்.

வாட்டர் சர்வீஸ் என்றால் என்ன செய்வோம்

ஃபில்டரைத் தட்டிவிட்டு மேலாகத் துடைப்பது சர்வீஸ் இல்லை, அதை நீங்களே செய்துகொள்ளலாம், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் காட்டினாலே போதும். நாங்கள் இன்டோர் கவரைக் கழற்றி, போர்டைப் பாலித்தீனால் மூடி, கீழே ஜாக்கெட் கட்டி, கூலிங் காயிலையும் ப்ளோயரையும் பம்ப் போட்டு அடிப்போம். அழுக்குத் தண்ணீர் பக்கெட்டில் இறங்கும், சுவரில் தெறிக்காது. அதன் பிறகு அவுட்டோர். பலர் இன்டோரைக் கழுவிவிட்டு அவுட்டோரை விட்டுவிடுகிறார்கள், ஆனால் சூட்டை வெளியே தள்ளுவது அதுதான், அது அடைத்துக்கொண்டால் உள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் ஆலைகளுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் அவுட்டோர் காயில் சீக்கிரம் கறுத்துப்போவதைப் பார்க்கிறோம், அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவைக்குக் குறையாமல் கழுவுவது நல்லது.

முடித்த பிறகு உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் டிகிரி வித்தியாசம் எவ்வளவு என்று உங்கள் கண் முன்னாலேயே தெர்மாமீட்டர் வைத்துக் காட்டுவோம். பொதுவாக 8 முதல் 12 டிகிரி இருக்கும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம்.

ஒரு ஏசிக்கு ஒரு மணி நேரம் ஆகும். எங்களுக்குத் தேவை ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பிளக் பாயிண்ட், ஏசிக்குக் கீழே கட்டிலை நகர்த்தி வைத்த இடம்.

கேஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாக

எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஏசியில் கேஸ் என்பது பைக்கில் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை, மூடிய பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைகிறது என்றால் எங்கேயோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். எனவே வருஷா வருஷம் "கேஸ் கம்மியா இருக்கு" என்று யார் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், லீக் எங்கே என்று கேளுங்கள். லீக்கைக் காட்டாமல் நாங்கள் கேஸ் போட மாட்டோம். நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை வைத்துக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, அவுட்டோர் பிளேட்டில் எவ்வளவு கிராம் என்று அச்சடித்திருக்கிறதோ அதைத் தராசில் நிறுத்துப் போடுவோம். இந்த வேலை முழுவதும் சேர்த்துத்தான் கேஸ் விலை:

ஆர்-32 ரூ.2,800, ஆர்-410ஏ ரூ.3,200, ஆர்-22 ரூ.3,000. மூன்றும் ஒன்றரை டன் வரை. நட் லூஸ் என்றால் டைட் வைப்பதற்குத் தனிக் காசு இல்லை, பைப்பை வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் ஒரு ஜாயிண்டுக்கு ரூ.400.

உங்கள் ஏசி எந்த கேஸ் என்பதும் அதே பிளேட்டில் இருக்கும். ஆர்-410ஏ இரண்டு கேஸின் கலவை, அதனால் லீக் ஆகியிருந்தால் மிச்சத்தின் மேலேயே கொஞ்சம் போடாமல் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவோம். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது, லேசாகத்தான் என்றாலும், வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பூஜை விளக்கு, கொசுவர்த்தி எல்லாம் அணைத்து வையுங்கள்.

முழு ஒப்பந்தத்தில் கேஸ் ஒரு முறை அடக்கம் என்று போட்டிருக்கிறோமே, அதே வருஷத்தில் நாங்கள் அடைத்த அதே ஜாயிண்ட் மறுபடி லீக் ஆனால் அது எங்கள் பொறுப்பு, அந்த இரண்டாவது தடவைக்குக் காசு வாங்க மாட்டோம். வேறு இடத்தில் லீக் என்றால் கேஸ் விலை மட்டும் தனி.

கரண்ட் பில்

சர்வீஸ் செய்தால் பில் பாதியாகும் என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் அப்படி எழுத மாட்டோம். அழுக்கு ஏறிய காயிலோடு ஓடும் ஏசி அதே குளிருக்கு அதிக நேரம் ஓடும், கழுவினால் அந்தக் கூடுதல் குறையும். எவ்வளவு என்பது உங்கள் அறை, நீங்கள் வைக்கும் டிகிரி எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளுக்கு அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம், 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ் யூனிட்டுகளுக்கும் சேர்த்தே ரேட் ஏறிவிடும். 18-ல் வைப்பதை விட்டுவிட்டு 24-ல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொண்டால் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராமல் மிச்சம் பிடிக்கலாம்.

லாட்ஜ், வாடகை வீடு

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு மாதிரி சிஎம்சியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் பத்து ஏசிக்கு மேல் இருந்தால் ஒரு தடவை சர்வீஸ் ஏசிக்கு ரூ.450. அறை காலியாகும் நேரம் பார்த்து வருகிறோம், ஒரு நாளில் மொத்தமாக முடிக்க வேண்டும் என்று இல்லை. சிகிச்சைக்கு வந்து வாரக் கணக்கில் தங்கியிருப்பவர்களின் அறை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், பம்ப் அடிக்கும்போது தூசியும் பூஞ்சையும் கிளம்பும், அவர்கள் இரண்டு மணி நேரமாவது வேறு அறையில் இருக்கட்டும்.

விஐடி பக்கம் மாணவர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீடுகளில் பில் ஓனர் பேரிலா உங்கள் பேரிலா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், வேலை முடிந்த பிறகு அந்தப் பஞ்சாயத்துக்கு எங்களை இழுக்க வேண்டாம். வருஷ சர்வீஸ் வீட்டுக்கு இல்லை, ஏசிக்கு. நீங்கள் காலி செய்தாலும் அடுத்து வருபவருக்கு அது தொடரும்.

மற்ற தனிச் செலவுகள்

வேலூர் மாநகராட்சிக்குள் வந்து போக எதுவும் இல்லை, காட்பாடி, பாகாயம், தொரப்பாடி எல்லாம் இதில் சேரும். ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜாவுக்கு ரூ.200, குடியாத்தம், ஆம்பூருக்கு ரூ.300, ஒரே இடத்தில் மூன்று ஏசி இருந்தால் அதுவும் கிடையாது. ஆம்பூருக்கு வியாழக்கிழமை மட்டும்தான் வருகிறோம். அவுட்டோரை எட்ட கயிறு கட்டி இறங்க வேண்டிய இடம் என்றால் ரூ.500.

மாற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருஷ சர்வீஸ் எடுத்துவிட்டு ஒரு வாட்டர் சர்வீஸ்கூட ஆகவில்லை, வேண்டாம் என்று நினைத்தால், பணம் முன்பே கட்டியிருந்தால் 30 நாளுக்குள் முழுவதும் திருப்பித் தருவோம். ஒன்று முடிந்திருந்தால் அதற்கான 600-ஐக் கழித்துக்கொண்டு மீதி. முழு ஒப்பந்தத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் பாகம் எதையாவது மாற்றியிருந்தால் திருப்பித் தர முடியாது.

பிப்ரவரியில் புக் செய்தால் எந்தப் பேக்கேஜிலும் ரூ.100 குறைவு. மே மாதத்தில் விலை ஏற்றுவதில்லை.

புக் செய்ய, இந்தப் பக்கம் உங்களுக்கு வந்த அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அவுட்டோர் பிளேட்டின் போட்டோ ஒன்று, எந்தப் பேக்கேஜ், எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, இவ்வளவு அனுப்பினால் போதும். காலை 9 முதல் 1, மதியம் 2 முதல் 6, இரண்டில் எது வசதி என்றும் சேர்த்து எழுதுங்கள். முன்பணம் ஒரு தடவை சர்வீஸுக்கு வேண்டாம், மற்ற இரண்டுக்கும் முதல் சர்வீஸ் முடிந்த அன்று பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.